மஞ்சள் நீராட்டுக்கு முன்னால் 13 வயசுப் பெண்ணுக்கு ஐப்ரோ எடுக்கலாமா?

"பழைய வண்ணாரப்பேட்டைல இருக்கோம். பொண்ணுக்கு 13 வயசு, அடுத்த மாசம் ஞாயித்துக்கிழமை மண்டபத்துல மஞ்சள் நீராட்டு. மேக்கப் பண்ற அக்கா ஐப்ரோ, அப்பர் லிப், கை வேக்சிங் எல்லாம் முடிச்சாதான் மேக்கப் நிக்கும்னு சொல்றாங்க. கிளாஸ்ல எல்லாரும் எடுத்துட்டாங்கன்னு இவளும் ஒத்தக் கால்ல நிக்கிறா, போன்ல ஹீரோயின் போட்டோ வெச்சிருக்கா. மாமியார், இப்பவே நூல் வெச்சா முடி முரடா வளரும்னு திட்றாங்க. எது சரி?"

மூன்றையும் ஒரே மூட்டையாகப் பார்க்க வேண்டாம். புருவத்தில் ஓரம் மட்டும் சுத்தம் செய்யலாம், அதுவும் அவளாகக் கேட்பதால். அப்பர் லிப் தேவையில்லை. கை வேக்சிங்கை இந்த விழாவுக்கு விட்டுவிடுங்கள். மேக்கப் நிற்பதற்கும் புருவம் எடுப்பதற்கும் சம்பந்தம் கிடையாது. மேலுதட்டிலும் கன்னத்திலும் பூனைமுடி நிறைய இருந்தால் பவுடர் அதன் நுனியில் ஒட்டி, ஃபிளாஷ் வெளிச்சத்தில் லேசாகத் தெரியும். அந்த அளவுக்குத்தான் அந்த அக்கா சொல்வதில் உண்மை இருக்கிறது. பவுடரைக் குறைத்து, ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தால் அதுவும் அடங்கிவிடும்.

மாமியார் சொல்வதற்கு வருவோம். முடியின் தடிமனை முடிவு செய்வது தோலுக்குள் இருக்கும் வேர். மேலே நூலால் இழுப்பதாலோ பிளேடால் வெட்டுவதாலோ வேர் தடிக்காது. ஆனால் அவர் கண்ணால் பார்த்ததும் பொய்யில்லை. வயசுக்கு வரும் பருவத்தில் ஹார்மோன் மாற்றத்தால் மெல்லிய பூனைமுடிகள் பல, தாமாகவே கறுத்துத் தடித்த முடியாக மாறுகின்றன. அக்குளில் நடப்பது இதுதான். புருவ ஓரத்திலும் மேலுதட்டிலும் கால்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது. பெண்கள் முதல்முறை நூல் வைப்பதும் சரியாக அந்த வருஷங்களில்தான். 13 வயதில் எடுத்தாள், 15 வயதில் அடர்த்தியாக இருக்கிறது என்றால் பழி நூல் மேல் விழுகிறது. எடுக்காமல் இருந்திருந்தாலும் அந்த அடர்த்தி வந்திருக்கும். பிளேடு போட்ட முடி மட்டும் முரடாகத் தோன்றும், ஏனென்றால் கூராக இருந்த நுனி வெட்டுப்பட்டு மொட்டையாகிவிடுகிறது. தடவிப் பார்த்தால் குத்தும், அவ்வளவுதான்.

உண்மையான ஆபத்து இதற்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கிறது. ஒரே இடத்து முடியை வேரோடு வருஷக்கணக்கில் பிடுங்கிக்கொண்டே இருந்தால், அந்த வேர்களில் சில சோர்ந்து போய் முடியே வராமல் நின்றுவிடும். 1990களில் கோடு மாதிரி மெல்லிய புருவம் பிரபலமாக இருந்தபோது எடுத்துப் பழகியவர்களில் பலர் இன்று பென்சிலால் புருவம் வரைகிறார்கள். அதே காலத்தில் கஜோல் கூட்டுப் புருவத்தோடே நடித்துக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம். இப்போது படங்களில் அடர்த்தியான, அதிகம் வளையாத புருவம் நாகரிகம். உங்கள் பெண் போனில் வைத்திருக்கும் படமும் அநேகமாக அப்படித்தான் இருக்கும். அந்தப் புருவத்தில் பாதி முடி, பாதி பென்சிலும் பவுடரும். நூலால் முடியைக் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. அடர்த்தியான புருவத்தின் படத்தைக் காட்டி மெலிசாக எடுத்துக்கொண்டு வருவதுதான் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு பார்லரில் நடக்கும் பெரிய வேடிக்கை. அந்தப் படத்தை நீங்களும் அவளும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். புருவத்தின் ஆரம்பம் மூக்குப் பக்கம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு தடிமன் என்று அவளே விரலால் அளந்து பார்க்கட்டும். அவளிடம் இருப்பதே அந்த அளவுதான் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இனி, எடுப்பது என்று முடிவு செய்தால் எப்படி என்பது. கிளாசில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு முதல் ஐப்ரோ ஃபங்ஷனுக்கு முந்தின நாள் ராத்திரி, அவசரத்தில், மேக்கப் போடுபவர் கையாலேயே நடக்கிறது. எல்லாக் கோளாறும் அங்கிருந்து வருகிறது. புதிதாக நூல் வைத்த தோல் சில மணி நேரம் சிவந்திருக்கும். சிலருக்கு அடுத்த மூன்று நாளுக்குள் சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பும். அது வருமா வராதா என்று முதல்முறை எடுப்பவருக்குத் தெரியாது. அதனால் தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். விழாவுக்கு மூன்று வாரம் முன்பு ஒரு நாள் பார்லருக்குப் போய் இரண்டு புருவத்துக்கும் நடுவில் இருக்கும் முடியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. அந்த இடத்தை மூன்று நாள் பாருங்கள். சிவப்பு மறைந்து ஒன்றும் வரவில்லை என்றால் விழா வாரத்துப் புதன்கிழமை மாலை முழுசாகச் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் தோல் அடங்கியிருக்கும், முடியும் முளைத்திருக்காது. நூலில் வேரோடு வந்த முடி திரும்பத் தெரிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். நடுவில் கொப்புளம் வந்திருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புருவத்தை மேல்நோக்கிச் சீவி, கீழே கன்சீலர் தொட்டாலே போட்டோவில் சுத்தமாக இருக்கும்.

பார்லரில் என்ன பார்க்க வேண்டும்? முதலில் நூல். உருளையிலிருந்து உங்கள் கண் முன்னால் புதிதாக இரண்டடி நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இழுத்து வெட்டச் சொல்லுங்கள். பருத்தித் தையல் நூல்தான் அது. மெல்லியதாக இருந்தால் அறுந்துகொண்டே இருக்கும், வழவழப்பான பாலியெஸ்டர் நூல் முடியைப் பிடிக்காமல் நழுவும். பெரும்பாலான பார்லர்களில் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இழுப்பார்கள். வேகமான, பழகிய முறைதான், ஆனால் எச்சில் பட்ட நூல் முகத்தில் ஓடுகிறது. முனையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டோ, இரண்டு கை விரல்களில் வளையம் போட்டோ செய்பவர்களும் இருக்கிறார்கள். "அக்கா, வாயில வெக்காம பண்ண முடியுமா?" என்று கேட்பதில் தப்பில்லை. மறுத்தால் கடிக்கும் முனை தோலில் படாமல் நூல் நீளமாகவாவது இருக்கட்டும். ஒருத்திக்கு ஓடிய நூல் அடுத்தவளுக்கு ஓடினால் சீழ்க்கொப்புளம் மட்டுமல்ல, தட்டை மருவும் பாலுண்ணியும்கூடப் பரவும். மருக்கள் வர வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும் என்பதால் பார்லரை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அடுத்தது அளவு. நல்ல கை நூலை எடுப்பதற்கு முன் பென்சிலை எடுக்கும். பென்சிலை மூக்கின் பக்கவாட்டில் நிமிர்த்தி, கண்ணின் உள்முனை வழியாக மேலே வைத்தால் அது தொடும் இடம் புருவத்தின் தொடக்கம். அதே மூக்கோரத்திலிருந்து சாய்த்து, நேராகப் பார்க்கும் கண்ணின் கருவிழி வெளிவிளிம்பு வழியாக வைத்தால் வளைவு. கண்ணின் வெளிமுனை வழியாக இன்னும் சாய்த்தால் வால் முடியும் இடம். இந்த மூன்று புள்ளிக்கும் வெளியே இருப்பதுதான் எடுக்க வேண்டிய முடி. 13 வயதுக்கு அதிலும் ஒரு குறைப்பு வேண்டும். நடுவில் இருப்பதும், புருவத்துக்குக் கீழே இமை மேல் சிதறியிருப்பதும் போதும். மேல் வரிசையைத் தொடவே கூடாது. மேலே எடுத்தால் புருவம் கீழிறங்கிக் களைத்த முகமாகிவிடும். வளைவை இன்னும் வளைக்கவும் வேண்டாம். இந்த வயதில் முகத்தின் எலும்பே வளர்ந்து முடியவில்லை. இன்று பொருந்தும் வளைவு இரண்டு வருஷத்தில் எப்போதும் ஆச்சரியப்படுகிற முகமாக நிற்கும். பார்லரில் "ஷேப் பண்ணுங்க" என்று சொன்னால் வளைப்பார்கள். "கீழயும் நடுவுலயும் க்ளீன் மட்டும், ஷேப் வேணாம், மேல தொடாதீங்க" என்று வார்த்தை மாறாமல் சொல்லுங்கள். மண்டபத்து அவசரத்தில் சொன்னால் காதில் விழாது, உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

வேலை நடப்பது இப்படி. வியர்வையைத் துடைத்துக் கொஞ்சம் பவுடர் தொடுவார்கள். நம் பக்கத்துக் கடற்கரைப் புழுக்கத்தில் ஈரத்தோலில் நூல் வழுக்கும் என்பதால் இந்தப் பவுடர் அவசியம். நூலின் நடுவில் ஐந்தாறு முறுக்கு விழுந்திருக்கும். விரலை விரித்து மூடும்போது அந்த முறுக்கு முடி வளரும் திசைக்கு எதிராக உருண்டு, முடியைக் கவ்வி வேரோடு தூக்குகிறது. தோல் இழுத்துப் பிடித்திருந்தால் முடி மட்டும் வரும், தளர்ந்திருந்தால் தோலும் முறுக்குக்குள் போகும். அதனால்தான் "டைட்டா புடி" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஒரு கை புருவத்துக்கு மேலே நெற்றியை மேலே இழுக்க, இன்னொரு கை இமையைக் கீழே இழுக்க வேண்டும். முதல்முறை வரும் பிள்ளை வலியில் கையை விட்டுவிடும். அந்த நொடியில்தான் இமையில் நூல் வெட்டு விழும். இமைத்தோல் உடம்பிலேயே மெல்லிய தோல்களில் ஒன்று. நீங்களே பக்கத்தில் நின்று ஒரு கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணீர் வரும், தும்மலும் வரலாம். இரண்டும் நரம்பின் வேலை, பயப்பட ஒன்றுமில்லை. தும்மல் வருகிறது என்றால் உடனே சொல்லச் சொல்லுங்கள், நூல் முகத்தில் இருக்கும்போது தலை ஆடக்கூடாது.

ஒரு பக்கம் முடிந்ததும் அவளை நிமிர்ந்து உட்காரவைத்து நேராகப் பார்க்க வேண்டும். சாய்ந்த நாற்காலியில் சமமாகத் தெரிவது உட்கார்ந்தால் சமமாக இருக்காது. இரண்டு புருவமும் பிறவியிலேயே அச்சுப்போல இருப்பதில்லை. இடது கொஞ்சம் தடிப்பு என்று ரெண்டு முடி, அப்புறம் வலது தடிப்பு என்று ரெண்டு முடி, இப்படியே மாற்றி மாற்றிச் "சமம்" செய்துதான் நல்ல புருவமெல்லாம் நூலாகிப் போகிறது. இரண்டாவது முறை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று கை போகத் தொடங்கினால், "போதும்கா" என்று நிறுத்திவிடுங்கள்.

முடிந்தபின் ஈரத்துணியில் சுற்றிய ஐஸை இரண்டு மூன்று நிமிடம் வைத்து எடுத்தால் போதும். அன்று ராத்திரி வரை பவுடர், மை, புருவப் பென்சில் எதுவும் அந்த இடத்தில் வேண்டாம், விரலால் தடவிப் பார்ப்பதும் வேண்டாம். சாதாரண சிவப்பு அன்றைக்கே போகும். அடுத்த நாளிலிருந்து முடி இருந்த துளைகளில் வெள்ளைத் தலையோடு கொப்புளம் வந்தால் நசுக்காமல் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், இரண்டு மூன்று நாளில் அடங்கும். பரவினாலோ, கண் இமை வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே டாக்டரிடம் போக வேண்டும். மூன்று நான்கு நாளிலேயே கறுப்புப் புள்ளியாக முடி தலைநீட்டினால் வேர் வரவில்லை, நூல் தளர்ந்து முடி நடுவில் ஒடிந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த முறை வேறு கையைத் தேடுங்கள். விலையை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது. வீட்டோடு பார்லர் வைத்திருப்பவர்களில் அருமையான கைகள் உண்டு.

வெண்புள்ளி இருப்பவர்களுக்கும், வீட்டில் நெருங்கிய உறவில் யாருக்காவது இருந்தாலும் நூலில் கவனம் வேண்டும். வெண்புள்ளி நோய் உள்ளவருக்குத் தோலில் காயம் பட்ட இடத்தில் புதிய வெள்ளைத் திட்டு கிளம்புவது உண்டு. இன்னொன்றும் பிள்ளையிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள். பருவுக்கோ வெள்ளையாவதற்கோ தோழி கொடுத்த டியூப் எதையாவது முகத்தில் பூசுகிறாளா? மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கி வரும் பல கிரீம்களில் பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கிறது. மாதக்கணக்கில் பூசினால் தோல் காகிதமாக மெலியும், முகத்தில் முடியும் கூடும். அந்த முடியை எடுக்கத்தான் பார்லர், அந்த மெலிந்த தோலைத்தான் நூல் வெட்டும். பருவுக்கு டாக்டர் அடாபலீன், ட்ரெட்டினாயின் கொடுத்திருந்தாலும் ஒரு வாரம் நிறுத்திவிட்டுத்தான் அந்த இடத்தில் நூலோ வேக்ஸோ படலாம். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மாத்திரை முடிந்து ஆறு மாதம் வரை வேக்ஸ் கூடவே கூடாது, தோல் உரிந்து வந்துவிடும்.

அப்பர் லிப் விஷயத்தில் "மீசை" என்று ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் காரணம். கிளாசில் யாராவது ஒருத்தி சொல்லியிருப்பாள். அந்த வயதில் மேலுதட்டில் மென்முடி இருப்பது எல்லோருக்கும் உள்ளது. மாநிறத் தோலின் மேல் கறுப்பு முடி என்பதால் நமக்குக் கொஞ்சம் தெரிகிறது. புருவத்தைவிட அங்கே வலி அதிகம், எடுத்தபின் கொப்புளம் வருவதும் அதிகம். லிப்ஸ்டிக்கும் சாப்பாடும் வியர்வையும் படும் இடம். வற்புறுத்திக் கேட்டால் நூலோடு நிறுத்துங்கள். முடி நீக்கும் கிரீமையும் பிளீச்சையும் முகத்தில் தொடவே வேண்டாம், வெந்து கறுத்த தோல் பழைய நிறத்துக்குத் திரும்ப மாதங்கள் ஆகும். தாடையில், கழுத்தில், மார்பு நடுவில் முரட்டு முடி கறுப்பாக வளர்ந்து, கூடவே எடை ஏறுவதும் கழுத்து கறுப்பதும் இருந்தால் அது பார்லர் வேலையில்லை. ராயபுரம் பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தோல் பிரிவில் காட்டுங்கள். மாதவிடாய் தள்ளிப்போவதை மட்டும் வைத்து பிசிஓஎஸ் என்று பயந்துவிடவும் வேண்டாம், வயசுக்கு வந்த முதல் இரண்டு வருஷம் அது ஒழுங்கில்லாமல் இருப்பது சகஜம்.

கை வேக்சிங்கை ஏன் விடச் சொன்னேன் என்றால், விழாவின் சடங்குகளே அதற்கு எதிரி. வேக்ஸ் போட்ட தோலில் ஆயிரக்கணக்கான துளைகள் ஒன்றிரண்டு நாள் திறந்த மாதிரி இருக்கும். அதன் மேல் மஞ்சள் தண்ணீர், நலங்குக்கு மஞ்சளும் சந்தனமும் குங்குமமும், ஒவ்வொரு அத்தையும் மாமியும் வந்து கன்னத்திலும் கையிலும் பூசிவிட்டுப் போவார்கள். பிறகு ஜரிகை ஜாக்கெட், மண்டபத்து வெக்கை, வியர்வை. சிவப்புத் திட்டும் அரிப்பும் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மெஹந்தியும் உண்டு. சீக்கிரம் கறுக்கும் கோன்களில் தலைச்சாயத்தில் போடும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருப்பது உண்டு, வேக்ஸ் செய்த கையில் அது பட்டால் கொப்பளிக்கலாம். முழங்கை வரை கை வைத்த ஜாக்கெட் தைக்கச் சொல்லுங்கள், எம்.சி. ரோட்டில் துணி எடுக்கும்போதே முடிவாகிவிடும். வளையலும் மெஹந்தியும் நிறைந்த கையில் முடியை யாரும் பார்க்கப் போவதில்லை. அவள் செய்தே தீருவேன் என்றால் முழங்கைக்குக் கீழே மட்டும், புதன்கிழமையோடு முடித்து, மெஹந்தியை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளுங்கள். முடி ஒரு அரிசி நீளமாவது இருக்க வேண்டும், வேக்ஸை அவள் மணிக்கட்டில் தொட்டுச் சூடு பார்த்தபின் போட வேண்டும், ஒரே இடத்தில் இரண்டு தடவைக்கு மேல் பட்டி இழுக்கக் கூடாது. எடுத்த ஸ்பேட்டுலாவைத் திரும்ப டப்பாவில் முக்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, இதையெல்லாம் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கடையில் முப்பது நாற்பது ரூபாய்க்குப் புருவ ரேசர் கிடைக்கிறது, பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ பார்த்துச் செய்வார்கள். கண்ணாடியில் வலது இடது மாறும், ஒரு சறுக்கலில் புருவ நடுவில் இடைவெளி விழும். அப்படி ஏற்கெனவே நடந்திருந்தால் மற்ற புருவத்தை அதற்குச் சமமாக்க பார்லருக்குக் கூட்டிப்போகாதீர்கள். வெட்டியதுதான், வேர் உள்ளே இருக்கிறது. இடைவெளி நிரம்ப ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும். விழா அதற்கு முன்பே வருகிறது என்றால் மேக்கப் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கறுப்பை விட்டு அடர் பழுப்புப் பென்சிலால், முடி போகும் திசையில் சின்னச் சின்னக் கோடாக நிரப்பினால் போட்டோவில் தெரியாது.